பொங்கல் பொதிக்குள் எவ்வளவு இருந்தது?

2025 ஜனவரி 15ஆம் திகதி, பொங்கலுக்கு மறுநாள் காலை, சம்பூரில் பெரியம்மா வீட்டுப் படலையடியில் கூரியர் வான் ஒன்று வந்து நின்றது. லண்டனில் இருக்கும் அக்கா அனுப்பிய பொங்கல் பரிசுப் பொதி அதில் இருந்தது. கண்ணாடித்தாள் சுற்றி, மேலே சிவப்பு நாடா கட்டிய பெரிய பிரம்புக் கூடை. பொதியைக் கையில் கொடுத்த தம்பி, "அம்மா, இதைப் பிடிச்சுக்கொண்டு கொஞ்சம் நில்லுங்கோ" என்று சொல்லி ஒரு படம் எடுத்தார். பெரியம்மா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு சிரித்தார். சிறிது நேரத்தில் அந்தப் படம் லண்டனுக்குப் போய்விட்டது. அக்கா உடனே அழைத்தார்.

"எல்லாம் வந்ததா அம்மா?"

"வந்தது மகள். வடிவா இருக்கு."

பொங்கலுக்காகத் திருகோணமலை நகரிலிருந்து அங்கே போயிருந்த நான், அழைப்பு முடிந்த பிறகு கூடையைப் பிரிக்க உதவினேன். தேங்காய் இரண்டில் ஒன்று வெடித்திருந்தது. சிவப்புப் பச்சையரிசி என்று போட்டிருந்த இடத்தில் வெள்ளை அரிசி இருந்தது. பொங்கலோ முதல்நாளே முடிந்துவிட்டது. இவற்றில் ஒன்றையும் பெரியம்மா மகளிடம் சொல்லவில்லை. "பாவம், எவ்வளவு காசு குடுத்து அனுப்பியிருப்பாள்" என்று மட்டும் சொன்னார்.

புலம்பெயர்ந்த குடும்பங்களைக் குறிவைத்து நடக்கும் பண்டிகைக் காலப் பரிசு வியாபாரத்தின் அடிப்படை இந்தச் சிறு உரையாடலுக்குள்ளேயே இருக்கிறது. காசு கொடுப்பவர் பொருளைப் பார்ப்பதில்லை. பொருளைப் பார்ப்பவருக்கு விலை தெரியாது. தெரிந்தாலும் குறை சொல்ல மாட்டார். மற்ற எந்தக் கடையிலும் காசு கொடுப்பவரே பொருளையும் கையில் எடுத்துப் பார்க்கிறார். இங்கே அந்த இருவருக்கும் நடுவில் எட்டாயிரம் கிலோமீற்றருக்கு மேல் தூரம் இருக்கிறது. விளம்பரத்தில் வரும் "விலைக்கழிவு", "இலவச விநியோகம்" எல்லாம் இந்த இடைவெளிக்குள்ளேதான் வேலை செய்கின்றன.

விளம்பரம் சொன்னதும் கூடை சொன்னதும்

வெளிநாட்டில் இருப்பவர் இணையத்தில் காசு கட்ட, இலங்கையில் இருப்பவர் வீட்டு வாசலில் பொருள் பெறுவது புதிய விடயம் இல்லை. கப்ருகா போன்ற கொழும்புத் தளங்கள் 2000களின் தொடக்கத்திலிருந்தே இதைச் செய்துவருகின்றன. இப்போது பெரிய தளங்களுடன், பேஸ்புக் பக்கமும் வட்ஸ்அப் இலக்கமும் மட்டும் வைத்து நடத்தும் சிறியவர்களும் இருக்கிறார்கள். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, தீபாவளி, நத்தார் என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு மூன்று வாரங்களுக்கு முன்பே இவர்களுடைய விளம்பரங்கள் லண்டன், ரொறன்ரோ, பாரிஸ் கைபேசிகளில் வரத் தொடங்கிவிடும். அக்கா வாங்கியது அப்படியான சிறிய தளம் ஒன்றில்.

விளம்பரத்தில் விலை இப்படிப் போட்டிருந்தது: 60 பவுண் பெறுமதியான பொங்கல் பொதி, 25 வீத விலைக்கழிவுடன் 45 பவுண், இலங்கை முழுவதும் விநியோகம் இலவசம். அந்த நாட்களில் ஒரு பவுண் ஏறத்தாழ 360 ரூபா. அப்படியென்றால் அக்கா கொடுத்தது 16,200 ரூபா.

கூடைக்குள் எவ்வளவு இருந்தது என்று கண்டுபிடிக்கப் பெரிய புலனாய்வு எதுவும் தேவைப்படவில்லை. இலங்கையில் விற்கப்படும் பொதிசெய்த பொருட்களில் ஆகக்கூடிய சில்லறை விலை அச்சிடப்பட்டிருக்க வேண்டும். அதைவிடக் கூட்டி விற்பது நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி குற்றம். ஆகவே பால்மா, பிஸ்கட், சொக்லேட், நெய் எல்லாவற்றின் விலையும் அவற்றின் உறையிலேயே இருந்தது. அரிசிக்கு 2024 டிசம்பரில் அரசாங்கமே ஆகக்கூடிய விலை நிர்ணயித்திருந்தது. பச்சையரிசி கிலோ 220 ரூபா. தேங்காய், ஏலக்காய் போன்றவற்றுக்கு மூதூர்க் கடைவிலையை வைத்துக்கொண்டோம்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். பொங்கலுக்கு உரியவை, அதாவது ஐந்து கிலோ அரிசி, பயறு, சர்க்கரை, கஜு, முந்திரிகை வற்றல், ஏலக்காய், நெய், இரண்டு தேங்காய், ஒரு பானை எல்லாம் சேர்த்து 5,100 ரூபா வந்தது. பால்மா, ஒரு பிஸ்கட் ரின், ஒரு சொக்லேட் பெட்டி மூன்றும் 3,650 ரூபா. மொத்தம் 8,750 ரூபா. அக்கா கொடுத்த காசில் பாதிக்குச் சற்று மேல்.

இதைக் கேட்டதும் "கொள்ளை" என்று சொல்லத் தோன்றும். அப்படிச் சொல்வது நியாயம் இல்லை. மீதி 7,450 ரூபாவில் உண்மையான செலவுகள் இருக்கின்றன. ஏறத்தாழ ஒன்பது கிலோ பொதியைக் கொழும்பிலிருந்து இங்கே கொண்டுவர என்ன செலவாகும் என்று நகரத்தில் ஒரு கூரியர் கருமபீடத்தில் கேட்டேன். 1,200 ரூபாவுக்கும் 1,500 ரூபாவுக்கும் இடையில் வரும் என்றார்கள். கூடை, நாடா, பொதி கட்டும் கூலி என்று இன்னும் ஓர் ஆயிரம் வைக்கலாம். வெளிநாட்டு அட்டையில் காசு பெறுவதற்கு வங்கிக்குப் போகும் கழிவு ஒரு ஐந்நூறு. இவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 4,450 ரூபா அளவில். விளம்பரச் செலவு, ஊழியர் சம்பளம், வரி, இலாபம் எல்லாம் அதற்குள்ளேதான்.

ஆகவே இந்தச் சேவைக்கு ஒரு விலை இருப்பது தவறில்லை. அந்த விலை மறைந்திருப்பதுதான் பிரச்சினை. "இலவச விநியோகம்" என்பது இலவசம் அல்ல, பொருளின் விலைக்குள் ஏற்றப்பட்டிருக்கிறது. "60 பவுண் பெறுமதி" என்றால் அன்றைய வீதத்தில் 21,600 ரூபா. அந்தக் கூடையை எந்தக் கடையிலும் யாரும் அந்த விலைக்கு விற்கப்போவதில்லை. இல்லாத ஒரு விலையிலிருந்துதான் அந்த 25 வீதம் கழிக்கப்பட்டிருக்கிறது.

விலையைப் பவுணிலோ டொலரிலோ போடுவதும் கணக்கை மறைக்கிறது. லண்டனில் 45 பவுண் என்பது ஒரு குடும்பம் வெளியே சாப்பிடும் காசு. அது பெரிதாகத் தெரியாது. அதே 16,200 ரூபாவைச் சம்பூரில் கையில் வைத்துப் பார்த்தால் வேறு மாதிரித் தெரியும். ரூபா விழும்போது இந்த மறைப்பு இன்னும் கூடும். 2022 மார்ச்சின் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 203 ரூபா. அடுத்த இரண்டு மாதங்களில் அது 360 வரை போனது. பொருட்களின் விலையும் பின்னாலேயே ஏறியது என்றாலும், உள்ளூரில் விளையும் பொருட்கள் எல்லாம் டொலர் ஏறிய அதே நாளில் ஏறுவதில்லை. ஆகவே டொலர் விலையை மாற்றாமலே ஒரு கடைக்காரர் முன்பைவிடக் கூடுதல் ரூபா பெறக்கூடிய காலங்கள் உண்டு. வாங்குபவர் ரூபாவில் பெருக்கிப் பார்க்காதவரை இது அவருக்குத் தெரியவே வராது.

ஏன் பொங்கலுக்கு வரவில்லை?

விளம்பரத்தில் "ஜனவரி 11 வரை ஓடர் செய்யலாம், பொங்கலுக்கு முன் கிடைக்கும்" என்று இருந்தது. அக்கா 10ஆம் திகதி இரவு ஓடர் செய்தார். தளம் சொன்ன திகதிக்கு ஒருநாள் முன்னதாகவே. அப்படியிருந்தும் தவறியதற்குக் காரணம் நாட்காட்டியில் இருக்கிறது.

2025 ஜனவரி 11 சனிக்கிழமை, 12 ஞாயிற்றுக்கிழமை. 13 திங்கட்கிழமை துருத்துப் பௌர்ணமி விடுமுறை. 14 செவ்வாய்க்கிழமை பொங்கல் விடுமுறை. வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு முழு அளவில் வேலை நடக்கும் நாள் ஒன்றுகூட இல்லை. கொழும்பு நகருக்குள் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுப்பவருக்கு இது பிரச்சினை இல்லை. வெளிமாவட்டத்துக்குப் போகும் பொதி கொழும்பில் தரம்பிரிக்கப்பட்டு, இரவு லொறியில் ஏற்றப்பட்டு, திருகோணமலைக் கிளையில் இறங்கி, அங்கிருந்து மீண்டும் வானில் ஏற வேண்டும். விளம்பரத்தில் இருந்த கடைசித் திகதி கொழும்புக்கான திகதி. சம்பூருக்கு அது ஏற்கெனவே பிந்திவிட்டது.

திருகோணமலை மாவட்டத்தின் அமைப்பும் இதில் சேர்கிறது. துறைமுகப் பக்கத்தில் கடற்கரையில் நின்று பார்த்தால் கொட்டியாரக்குடாவுக்கு அப்பால் மூதூரும் சம்பூரும் கண்ணுக்குத் தெரியும். வீதியால் போவதென்றால் குடாவைச் சுற்றிக்கொண்டு கிண்ணியா, மூதூர் வழியாகப் போக வேண்டும். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தில் பாதையில் ஏறித்தான் கடந்தார்கள். இப்போது வீதி நன்றாக இருந்தாலும், ஒரு வான் நகரத்தில் இருபது பொதி கொடுக்கும் நேரத்தில் அந்தப் பக்கம் நாலைந்துதான் கொடுக்கலாம். ஆகவே பொதிகள் சேரும்வரை வைத்திருந்து ஒன்றாகக் கொண்டுபோவார்கள். பொங்கலும் தீபாவளியும் மாரிமழைக் காலத்தில் வருவதால், மகாவலி பெருகினால் வெருகல், ஈச்சிலம்பற்றுப் பக்கம் இன்னும் ஒருநாள் இருநாள் பிந்தும்.

முகவரியும் ஒரு சிக்கல். சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, 2015க்குப் பிறகுதான் காணிகளுக்குத் திரும்பினார்கள். வெளிநாட்டில் இருக்கும் பலருடைய மனதில் இருப்பது பழைய ஊர். பழைய ஒழுங்கையின் பெயரையோ, இப்போது இல்லாத கடையின் பெயரையோ முகவரியில் எழுதிவிடுவார்கள். பல வீடுகளுக்கு இலக்கமும் இல்லை. வான் சாரதிக்கு உண்மையில் உதவுவது தொலைபேசி இலக்கம்தான். பெரியம்மாவின் கைபேசி பொங்கலன்று முழுநாளும் சார்ஜ் இல்லாமல் கிடந்தது. பொதி அன்றைக்கு வந்திருந்தாலும் வீட்டைக் கண்டுபிடித்திருப்பார்களோ தெரியாது.

சிவப்பரிசி எப்படி வெள்ளையானது?

தளத்தின் நிபந்தனைகளில் ஒரு வரி இருந்தது: குறிப்பிட்ட பொருள் கையிருப்பில் இல்லாவிட்டால் அதற்கு ஈடான வேறு பொருள் வைக்கப்படும். இப்படி ஒரு வரியைப் பரிசுத் தளங்களில் அடிக்கடி காணலாம். அதற்கு நியாயமான தேவையும் உண்டு. 2024இன் கடைசியிலும் 2025 ஜனவரியிலும் நாட்டில் அரிசித் தட்டுப்பாடு இருந்தது. அரசாங்கம் இறக்குமதிக்கு அனுமதி கொடுத்தது. சிவப்புப் பச்சையரிசி பல கடைகளில் கண்ணிலேயே இல்லை. தேங்காயும் விலை ஏறியிருந்தது. பொதி கட்டியவர் வேண்டுமென்றே ஏமாற்றினார் என்று சொல்ல முடியாது.

ஆனால் "ஈடான" என்பதை யார் தீர்மானிப்பது? விலையில் ஈடு என்றால் வெள்ளை அரிசி ஈடுதான். பொங்கல் பானைக்கு அது ஈடா என்று பெரியம்மாவிடம் கேட்டிருக்க வேண்டும். யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் நிபந்தனை கேட்கச் சொல்லவில்லை. இந்த வரி பாவிக்கப்படும்போது பொதுவாகக் கெடுவது, பெயர் சொல்லி எழுதப்படாத பொருட்கள். "பிஸ்கட் ரின்", "கஜு பக்கற்", "நெய் போத்தல்" என்று எடையும் வகையும் இல்லாமல் எழுதியிருந்தால் எதை வைத்தாலும் அது பொருந்தும். எங்கள் கூடையில் கஜு நூறு கிராம். படத்தில் அந்தப் பக்கற்றைக் கமராவுக்குக் கிட்டே வைத்து எடுத்திருந்தபடியால் கால் கிலோ போலத் தெரிந்தது.

ஒப்படைக்கும்போது எடுக்கும் படமும் இதில் உதவாது. பொதி வந்தது என்பதற்குத்தான் அது சாட்சி. உள்ளே என்ன வந்தது என்பதற்குச் சாட்சி அல்ல. கண்ணாடித்தாளுக்குள் முன்வரிசையில் இருப்பது மட்டும் தெரியும். வெடித்த தேங்காய் அரிசிப் பைக்குப் பின்னால் இருந்தது.

எதைக் கேட்டு வாங்கலாம்?

அனுப்புவதை நிறுத்துங்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. காசாக அனுப்பினால் அது மருந்துக்கும் கரண்ட் பில்லுக்கும் போய்விடும், அம்மா தனக்கென்று ஒன்றும் வாங்க மாட்டார் என்று அக்கா சொல்வதில் உண்மை இருக்கிறது. வாசலுக்கு ஒரு கூடை வருவதை அயலவர்கள் பார்ப்பதிலும் பெரியம்மாவுக்கு ஒரு சந்தோசம் இருக்கிறது. அந்தச் சந்தோசத்துக்கு ஒரு விலை கொடுக்கலாம். எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது நல்லது.

முதலாவது, காசு கட்டுவதற்கு முன்னால் ஒவ்வொரு பொருளின் வகையையும் எடையையும் எழுத்தில் கேட்க வேண்டும். அந்தப் பட்டியலை ஊரில் இருக்கும் ஒருவருக்கு அனுப்பினால் பத்து நிமிடத்தில் கடைவிலை சொல்லிவிடுவார். பொதி வந்த பிறகும் உறைகளில் இருக்கும் விலையைக் கூட்டிப் பார்க்கலாம், கூடவே காலாவதித் திகதியையும். பட்டியல் தர மறுக்கும் தளத்தில் வாங்காமல் விடுவது நல்லது.

இரண்டாவது, பொதி எங்கே கட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும். கொழும்பில் கட்டினால் பண்டிகைக்கு முன்னால் குறைந்தது ஐந்து வேலைநாள் விட்டு ஓடர் செய்ய வேண்டும். இடையில் பௌர்ணமியும் வார இறுதியும் வருகிறதா என்று இலங்கை நாட்காட்டியைப் பார்த்து எண்ண வேண்டும். சித்திரைப் புத்தாண்டுக்கு இன்னும் கூடுதலாக விட வேண்டும், ஏனென்றால் ஏப்ரல் 13, 14 விடுமுறைக்கு முன்னும் பின்னும் கடைகளும் ஊழியர்களும் ஊருக்குப் போய்விடுவார்கள். திருகோணமலையிலோ மூதூரிலோ இருக்கும் கடை ஒன்றில் கட்டினால் இந்தச் சிக்கலில் பெரும்பகுதி இல்லை. தேங்காய், பழம், கேக் போன்றவற்றை எப்போதும் உள்ளூரிலேயே எடுக்க வேண்டும்.

மூன்றாவது, குறை வந்தால் என்ன வழி என்று தெரிந்திருக்க வேண்டும். விற்கும் நிறுவனம் இலங்கையில் இருந்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம், தொலைபேசி 1977. எழுத்து மூல முறைப்பாட்டைப் பொருள் விற்கப்பட்டு மூன்று மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். பிரித்தானியாவில் கடனட்டையால் 100 பவுணுக்கு மேற்பட்ட ஒரு பொருள் வாங்கினால், 1974ஆம் ஆண்டு நுகர்வோர் கடன் சட்டத்தின் 75ஆம் பிரிவின்படி அட்டை கொடுத்த வங்கிக்கும் பொறுப்பு உண்டு. 45 பவுண் பொதிக்கு அது பொருந்தாது. அப்போது வங்கியிடம் காசைத் திருப்பிக் கேட்கும் வழமையான முறை மட்டுமே இருக்கிறது. இவை எதற்கும் முன்னால் பொதியைப் பிரிக்கும்போதே எடுத்த படங்கள் தேவை. நாடா கட்டிய கூடையின் படம் போதாது.

நான்காவது வழி, ஊர்க்கடையோடு நேரே பேசுவது. மூதூரில் பலசரக்குக் கடைகள் சில வட்ஸ்அப்பில் பட்டியல் வாங்கி, வங்கிக் கணக்குக்குக் காசு வந்ததும் ஓட்டோவில் ஏற்றி அனுப்புகின்றன. எங்கள் கூடையின் பொருட்களை அப்படி எடுத்திருந்தால் ஓட்டோக் கூலியுடன் 9,250 ரூபா, அதாவது 26 பவுண் அளவில் முடிந்திருக்கும். இதற்கும் குறை உண்டு. வங்கிக் கணக்குக்குப் போன காசைத் திருப்பி எடுப்பது கடினம், பற்றுச்சீட்டும் கேட்டால்தான் வரும். தெரிந்த கடையாக இருந்தால் மட்டும் இந்த வழி நல்லது.

பொங்கல் கழிந்து இரண்டு வாரத்தில் நான் இந்தக் கணக்கை அக்காவுக்கு அனுப்பினேன். அவர் பெரியம்மாவை அழைத்து, "உண்மையைச் சொல்லுங்கோ அம்மா, உங்களுக்கு என்னதான் தேவை?" என்று கேட்டார். பெரியம்மாவுக்குச் சீனி வருத்தம். சொக்லேட்டையும் பிஸ்கட்டையும் அன்றைக்கே பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டார். அதை அப்போதுதான் மகளிடம் சொன்னார்.

அந்த வருடத் தீபாவளி ஒக்டோபர் 20இல் வந்தது. அக்கா அதற்குப் பத்து நாள் முன்பே மூதூர்க் கடைக்குப் பட்டியலை அனுப்பினார். பெரியம்மா சொல்ல நான் எழுதிய பட்டியல் அது. சிவப்பரிசி ஐந்து கிலோ, உளுந்து ஒரு கிலோ, நல்லெண்ணெய், சீனி சேராத பால்மா, ஒரு கைத்தறிச் சேலை. சேலையை மட்டும் நான் திருகோணமலைப் பிரதான வீதியில் எடுத்துக் கொண்டுபோனேன். கடைக்காரர் பற்றுச்சீட்டைப் படம் எடுத்து லண்டனுக்கு அனுப்பினார். ஓட்டோ வந்தபோது பெரியம்மா அரிசிப் பையைப் பிரித்து ஒரு பிடி அள்ளிப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே எடுத்தார்.